ஆம், இல்லை என்ற பதிலுக்கு ஒரு நேர்கோடு

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் திருமணமான 753 பெண்களைப் பற்றித் திரட்டப்பட்ட ஒரு தரவுத்தொகுப்பு உண்டு. எல்லோரும் 30 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் குடும்ப வருமானக் கணக்கெடுப்பிலிருந்து தாமஸ் ம்ரோஸ் என்ற பொருளியலாளர் எடுத்தாண்டது அது. அவருடைய கட்டுரை 1987இல் வெளிவந்தது. இன்றும் பொருளளவையியல் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இந்தத் தரவில்தான் கைப்பழக்கம் பெறுகிறார்கள். அதில் உள்ள முதன்மையான கேள்வி எளியது: அந்த ஆண்டில் இந்தப் பெண் சம்பளத்துக்கு வேலை பார்த்தாரா, இல்லையா? பார்த்திருந்தால் 1, இல்லையென்றால் 0. 428 பேருக்கு 1, மீதி 325 பேருக்கு 0.

விடை இரண்டே எண்களில் அடங்கும்போது எந்த மாதிரியைப் போட்டுப் பார்ப்பது என்பது பல்லாண்டுச் சர்ச்சை. லாஜிட் என்பார் ஒருவர், ப்ராபிட் என்பார் இன்னொருவர். ஒன்றும் வேண்டாம், வழக்கமான மீச்சிறு வர்க்க முறையிலேயே ஒரு நேர்கோட்டை இழுத்துவிடலாம் என்பார் மூன்றாமவர். அந்த மூன்றாவது வழிக்குப் பெயர்தான் நேரியல் நிகழ்தகவு மாதிரி. புள்ளியியல் துறையில் வளர்ந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதும், பொருளியலாளர்கள் கூசாமல் பயன்படுத்துவதும் உண்டு. இருவரும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை என்பதால்தான் இந்தச் சர்ச்சை தீராமல் கிடக்கிறது என்பது என் கருத்து. ம்ரோஸின் தரவை வைத்தே அதைப் பார்ப்போம்.

கணவர் முதலானோர் கொண்டுவரும் வருமானம் (ஆயிரம் டாலரில்), படித்த ஆண்டுகள், வேலை அனுபவம், அனுபவத்தின் வர்க்கம், வயது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய ஏழும் விளக்கும் மாறிகள். R மென்பொருளில் இதைச் செய்து பார்க்க ஐந்தாறு வரி போதும்:

```r
library(sandwich); library(lmtest)
data("mroz", package = "wooldridge")
m <- lm(inlf ~ nwifeinc + educ + exper + expersq +
          age + kidslt6 + kidsge6, data = mroz)
coeftest(m, vcov = vcovHC(m, type = "HC1"))
sum(fitted(m) < 0); sum(fitted(m) > 1)
```

கிடைக்கும் கெழுக்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். படிப்பின் கெழு 0.038. சிறு குழந்தைகளின் கெழு −0.262. இதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம். மற்றவை மாறாமல் இருக்க, ஒரு பெண் ஓராண்டு கூடுதலாகப் படித்திருந்தால் அவர் வேலையில் இருக்கும் வாய்ப்பு 3.8 சதவீதப் புள்ளி கூடுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று கூடினால் அந்த வாய்ப்பு 26.2 சதவீதப் புள்ளி குறைகிறது. விளைவு 0, 1 என்றிருக்கும்போது அதன் சராசரிதான் நிகழ்தகவு. ஆகவே சராசரியைக் கணிக்கும் கோடு தானாகவே நிகழ்தகவைக் கணிக்கும் கோடாகிவிடுகிறது. இந்த மாதிரியின் கவர்ச்சி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

லாஜிட்டில் இதே குழந்தை மாறியின் கெழு −1.443. இது நிகழ்தகவு அல்ல. வாய்ப்பு விகிதத்தின் மடக்கை. அடுக்கேற்றினால் ஏறக்குறைய 0.236 வரும். அதாவது ஒரு குழந்தை கூடினால், வேலை பார்ப்பதற்கும் பார்க்காமலிருப்பதற்கும் இடையிலான விகிதம் கால்வாசிக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. இதைக் கேட்பவர் உடனே 'அப்படியானால் வாய்ப்பு நாலில் ஒரு பங்காகிவிடுகிறதா' என்று கேட்பார். இல்லை. முன்பு 0.70 வாய்ப்பு இருந்தவருக்கு அது சுமார் 0.36 ஆகும், பாதிதான். முன்பு 0.95 இருந்தவருக்கு 0.82 ஆகும். முன்பே 0.10தான் இருந்தவருக்கு 0.03க்குச் சற்றுக் கீழே போகும். ஒரே கெழு, மூன்று பேருக்கு மூன்று விளைவு. வாய்ப்பு விகிதத்தை வாய்ப்பு என்றே எழுதிவிடும் பிழை நாளிதழ்களில் மட்டுமல்ல, நல்ல ஆய்வேடுகளிலும் தென்படுகிறது. நேர்கோட்டு மாதிரியில் அந்தப் பிழைக்கே இடமில்லை.

ஆனால் அதே இடத்தில்தான் இதன் முதல் குறையும் இருக்கிறது. லாஜிட்டில் விளைவு ஆளுக்கு ஆள் மாறுவது குறையல்ல, இயல்பு. ஏற்கெனவே வேலைக்குப் போகாதவரைக் குழந்தை வந்து எங்கே தடுக்கப்போகிறது? நேர்கோடு இதைக் கண்டுகொள்வதில்லை.

நடுத்தரமான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 42.5, படிப்பு 12.3 ஆண்டுகள், அனுபவம் 10.6 ஆண்டுகள், பிறருடைய வருமானம் ஆண்டுக்கு 20,130 டாலர், வளர்ந்த பிள்ளை ஒன்று. சிறு குழந்தை இல்லாதபோது நேர்கோடு அவருக்குத் தரும் வாய்ப்பு சுமார் 0.66. ஒரு சிறு குழந்தை இருந்தால் 0.40. இரண்டு இருந்தால் 0.14. மூன்று இருந்தால் −0.12. நிகழ்தகவு சுழிக்குக் கீழே போய்விட்டது. நான்கு குழந்தைகள் என்றால் வாய்ப்பு 104.8 சதவீதப் புள்ளி குறையும் என்கிறது இந்த மாதிரி. நூற்றுக்கு மேல் குறைய ஏது இடம்? அதே பெண்ணுக்கு ப்ராபிட் மாதிரி 0.71, 0.37, 0.12, 0.02 என்று இறங்கிக் கீழே தட்டையாகிறது. முதல் குழந்தை 33 புள்ளியைக் குறைக்கிறது, இரண்டாவது 26 புள்ளியை, மூன்றாவது 10 புள்ளியை. வாழ்க்கையோடு ஒத்துப்போவது இந்த வளைவுதான்.

இங்கே நின்று தரவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 753 பெண்களில் 606 பேருக்குச் சிறு குழந்தையே இல்லை. 118 பேருக்கு ஒன்று, 26 பேருக்கு இரண்டு. மூன்று குழந்தைகள் உள்ளவர்கள் மூன்றே பேர். நான்கு உள்ளவர் ஒருவருமில்லை. ஆகவே 0.262 என்ற எண், பெரும்பாலும் சுழியிலிருந்து ஒன்றுக்குப் போகும் முதல் குழந்தையின் விளைவைத்தான் சொல்கிறது. மூன்றாவது, நான்காவது குழந்தைக்கு அதை நீட்டுவது தரவு இல்லாத ஊருக்கு வழி சொல்வது போன்றது. இப்படி நீட்டுவது எந்த மாதிரியிலும் ஆபத்துதான். நேர்கோட்டில் அது அபத்தமான எண்ணாகக் கண்ணில் படுகிறது, லாஜிட்டில் பார்வைக்கு ஒழுங்கான எண்ணுக்குள் மறைந்துகொள்கிறது.

படிப்பிலும் இதே கதை. 30 வயது, ஐந்தாண்டு அனுபவம், ஒரு சிறு குழந்தை, வளர்ந்த பிள்ளை இல்லை, பிறருடைய வருமானம் 50,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், படிப்பே இல்லாத பெண்ணுக்கு நேர்கோடு தருவது −0.146. நான்காவது ஆண்டுப் படிப்பை நெருங்கும்போதுதான் கோடு சுழியைக் கடக்கிறது. ஆனால் இந்தத் தரவில் ஐந்தாண்டுக்குக் குறைவாகப் படித்தவர் எவருமில்லை. கோடு பொய் சொல்லும் பகுதியில் ஆளே இல்லை.

அப்படியானால் ஆள் இருக்கும் இடத்தில் எத்தனை பொய்? மேலே கொடுத்த நிரலின் கடைசி வரி அதைத்தான் எண்ணுகிறது. 16 பெண்களுக்குச் சுழிக்குக் கீழும் 17 பெண்களுக்கு ஒன்றுக்கு மேலும் மதிப்பு வருகிறது. மொத்தம் 33 பேர், 753இல் 4.4 சதவீதம். இந்த எண்ணிக்கைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். காரணம் பிறகு.

இரண்டாவது குறை திட்டப்பிழையைப் பற்றியது. விளைவு 0 அல்லது 1 என்றால் அதன் பரவற்படி p(1−p) என்று தானே அமைந்துவிடும். வாய்ப்பு 0.5 உள்ளவரிடம் அது 0.25, 0.95 உள்ளவரிடம் 0.0475. அதாவது ஒவ்வொருவரிடமும் சிதறல் வேறு. சிதறல் எல்லோரிடமும் ஒன்றே என்று கருதிக் கணக்கிடும் வழக்கமான திட்டப்பிழை இங்கே கொள்கை அளவிலேயே தவறு. ஒரு காலத்தில் இந்த மாதிரியை ஒதுக்க இதுவே போதுமான காரணமாக இருந்தது. எடையிட்ட மீச்சிறு வர்க்க முறையால் இதைச் சரிசெய்யலாம் என்று 1960களில் ஆர்தர் கோல்ட்பெர்கர் போன்றோர் வழி சொன்னார்கள்: ஒவ்வொருவருக்கும் 1/(p(1−p)) என்ற எடையைக் கொடு.

செய்து பார்த்தால் வில்லங்கம் தெரியும். p சுழிக்குக் கீழே இருக்கும் 16 பேருக்கும் ஒன்றுக்கு மேல் இருக்கும் 17 பேருக்கும் எடை குறை எண்ணாக வரும். அதைத் தவிர்க்க அவர்களுடைய p மதிப்பை 0.01 என்றும் 0.99 என்றும் கையால் திருத்தினால் எடை 101 ஆகிவிடும். நடுவில் 0.5 வாய்ப்பு உள்ள பெண்ணின் எடை 4தான். மாதிரி எவரிடம் மிக மோசமாகத் தவறுகிறதோ, அவருக்கே 25 மடங்கு செல்வாக்கைக் கொடுத்துவிடுகிறோம். இந்த மருந்தைவிட நோயே தேவலை.

இப்போது யாரும் அந்த வழியில் போவதில்லை. சிதறல் வேறுபாட்டைத் தாங்கும் திட்டப்பிழையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது; நிரலில் vcovHC என்பது அதுதான். ம்ரோஸ் தரவில் குழந்தை மாறிக்கு வழக்கமான திட்டப்பிழை 0.034, தாங்குதிறன் உள்ளது 0.032. படிப்புக்கு இரண்டுமே 0.007. ஆக, பாடநூல்களில் பக்கக்கணக்கில் எழுதப்பட்ட இந்தக் குறை ஒரே கட்டளையில் தீர்ந்துவிடுகிறது. பிழைகள் இயல்நிலைப் பரவலில் இல்லை என்ற குற்றச்சாட்டும் இப்படித்தான்; சில நூறு பேர் இருந்தால் அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, இரண்டு வழியையும் ஒரே அளவுகோலில் வைத்தால் என்ன ஆகிறது? லாஜிட்டில் விளைவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், 753 பேருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கிறோம். இதைச் சராசரிப் பகுதி விளைவு என்பார்கள். குழந்தைக்கு லாஜிட் தருவது −0.258, ப்ராபிட் −0.261, நேர்கோடு −0.262. படிப்புக்கு முறையே 0.039, 0.039, 0.038. வயதுக்கு மூன்றுமே −0.016. மூன்று பேர் மூன்று தெரு வழியாக நடந்து ஒரே கோயில் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இது வெறும் தற்செயல் அல்ல. வளைந்த ஒரு கோட்டுக்கு மிக நெருக்கமான நேர்கோட்டை மீச்சிறு வர்க்க முறை தேடித் தருகிறது. அந்த நேர்கோட்டின் சாய்வு, வளைவின் சாய்வுகளுக்கு ஒருவகை எடையிட்ட சராசரி. ஆட்கள் வளைவின் நடுப்பகுதியில், 0.2க்கும் 0.8க்கும் இடையே குவிந்திருந்தால் அங்கே லாஜிட் வளைவே ஏறக்குறைய நேர்கோடுதான். 'சராசரியாக எவ்வளவு மாற்றம்' என்பது மட்டுமே கேள்வியானால் விடையில் வேறுபாடு வர வாய்ப்பு குறைவு.

ஆனால் எப்போதும் அப்படியே என்று நம்பிவிடக் கூடாது. 2006இல் ஹோரேஸ், வஹாக்கா என்ற இருவர் இதைக் கணித முறையில் காட்டினார்கள்: உண்மையான நிகழ்தகவு சுழியிலோ ஒன்றிலோ முட்டி நிற்கும் ஆட்கள் தரவில் இருந்தால், நேர்கோட்டின் கெழு தரவு எவ்வளவு பெருகினாலும் சரியான இடத்துக்கு வராது. எல்லைக்கு வெளியே விழும் மதிப்புகளின் பங்கு கூடக் கூட இந்தப் பிசகும் கூடும் என்று எதிர்பார்க்கலாம். அந்த 33 என்ற எண்ணிக்கையை நான் மதிப்பது இதனால்தான்.

எவ்வளவு தவறிப்போகலாம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சேமிப்புப் பயிற்சி ஒன்று நடக்கிறது. பயிற்சி பெறாதவர்களில் மாதம் 10,000 ரூபாய் வருமானம் உள்ள 1,000 பேரில் 300 பேர் வங்கியில் சேமிக்கிறார்கள். 12,000 ரூபாய் உள்ள 1,000 பேரில் 700 பேர். ஆயிரம் ரூபாய் கூடினால் வாய்ப்பு 20 புள்ளி ஏறுகிறது, 1ஐ எட்டியதும் நின்றுவிடுகிறது என்று வைப்போம். பயிற்சி, இடமிருக்கும் வரை, 10 புள்ளியைச் சேர்க்கிறது. பயிற்சி பெற்றவர்களில் 11,000 ரூபாய் வருமானம் உள்ளவர்கள் 100 பேர். அவர்களில் 60 பேர் சேமிக்கிறார்கள். 20,000 ரூபாய் உள்ளவர்கள் 100 பேர். எல்லோருமே சேமிக்கிறார்கள், அவர்கள் எப்படியும் சேமித்திருப்பார்கள். ஆக, பயிற்சியால் சிலருக்கு நன்மை, சிலருக்கு மாற்றமில்லை, எவருக்கும் தீமை இல்லை.

இப்போது வருமானத்தையும் பயிற்சியையும் வைத்து நேர்கோட்டைப் போடுங்கள். வருமானத்தின் சாய்வு ஆயிரத்துக்கு 0.096 என்று வரும். பயிற்சி பெற்றோரின் சராசரி வருமானம் 4,500 ரூபாய் அதிகம் என்பதால், அவர்கள் பயிற்சி இல்லாமலே 43 புள்ளி கூடுதலாகச் சேமித்திருக்க வேண்டும் என்று கோடு எதிர்பார்க்கிறது. ஆனால் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு 0.8 கழித்தல் 0.5, அதாவது 30 புள்ளிதான். விடை: பயிற்சியின் விளைவு −0.13! நன்மை செய்த திட்டம் கெடுதல் செய்ததாகக் கணக்கு வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி பயிற்சியை நிறுத்திவிடலாம்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருந்ததா? இருந்தது. 20,000 ரூபாய்க்காரர்களுக்கு அந்தக் கோடு தரும் நிகழ்தகவு 1.23. பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர் எல்லைக்கு வெளியே. அந்த எண்ணைப் பார்த்த எவரும் அங்கேயே நின்றிருப்பார்கள். இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றுசேர்ந்துவிட்டன: எல்லையில் முட்டி நிற்கும் ஆட்கள் நிறைய, பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் வருமானத்தில் வேறுவேறு இடத்தில். ம்ரோஸ் தரவில் அந்த முதல் கோளாறு சிறிதளவுதான். அதனால் அங்கே கோடு பிழைத்துக்கொண்டது.

நேர்கோடு முற்றிலும் சரியாக இருக்கும் ஓர் இடமும் உண்டு. 2,000 வீடுகளில் குலுக்கல் முறையில் 1,000 வீடுகளுக்கு வரி நினைவூட்டல் கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போனவர்களில் 300 பேர் வரி கட்டுகிறார்கள், போகாதவர்களில் 240 பேர். விளக்கும் மாறி ஒன்றே, அதுவும் 0 அல்லது 1. நேர்கோட்டின் கெழு 0.30 கழித்தல் 0.24, அதாவது 0.06. திட்டப்பிழை சுமார் 0.02. இங்கே தோராயம் என்ற பேச்சே இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு எப்படியும் நேராகத்தான் போகும். கணித்த மதிப்புகள் இரண்டும் உண்மையான விகிதங்களே. லாஜிட் போட்டுச் சராசரி விளைவைக் கணக்கிட்டாலும் அதே 0.06தான் வரும். மாறிகள் எல்லாமே வகைகளாக இருந்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனிக் கெழு கொடுத்துவிட்டால் இதே உறுதி தொடரும். ஆங்ரிஸ்ட், பிஷ்கே இருவரும் 2009இல் எழுதிய நூலில் நேர்கோட்டுக்குப் பரிந்து பேசுவதற்குப் பின்னால் இந்த எண்ணமும் இருக்கிறது. குலுக்கல் சோதனை செய்தவர் லாஜிட் போடவில்லை என்று குறை சொல்லும் மதிப்பீட்டாளர், தேவையற்ற வேலையைச் சுமத்துகிறார்.

லாஜிட் தடுமாறும் இடங்களையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒரே குடும்பத்தையோ ஊரையோ பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் தரவில், ஒவ்வொன்றுக்கும் தனி மாறி கொடுப்பது வழக்கம். ஆட்கள் ஆயிரக்கணக்கில், ஆண்டுகள் நாலைந்து என்றால் லாஜிட்டின் கெழுக்கள் பிசகிவிடும். 1948இல் நெய்மனும் ஸ்காட்டும் சுட்டிக்காட்டிய சிக்கல் இது. இதற்கென உள்ள நிபந்தனை லாஜிட், ஆண்டுகள் முழுவதும் 0 ஆகவோ 1 ஆகவோ இருந்தவர்களைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுகிறது, சராசரி விளைவையும் நேரடியாகத் தருவதில்லை. நேர்கோடு இங்கே ஆரவாரமில்லாமல் வேலை செய்கிறது. இரண்டு மாறிகளின் கூட்டு விளைவிலும் அப்படியே. லாஜிட்டில் பெருக்கல் உறுப்பின் கெழு, நிகழ்தகவில் ஏற்படும் கூட்டு விளைவு அல்ல. குறி கூட மாறியிருக்கலாம் என்று 2003இல் ஐ, நார்ட்டன் இருவரும் காட்டினார்கள். நேர்கோட்டில் அந்தக் கெழு, வேறுபாடுகளுக்கு இடையிலான வேறுபாடு என்று நேரே படிக்கத் தக்கது.

தொடவே கூடாத இடம் எது? தனி ஆளைப் பற்றிய முன்கணிப்பு. இந்த நோயாளிக்கு மீண்டும் நோய் வருமா, இந்தக் கடன் திரும்பி வருமா என்று கேட்கும்போது, சராசரிச் சாய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. அந்த ஒருவருக்கான எண் சரியாக இருக்க வேண்டும். −0.08 என்று வரும் நோயாளியிடம் மருத்துவர் என்ன சொல்வார்? அரிதான நிகழ்வுகளிலும் அப்படியே. ஆயிரத்தில் இருவருக்கு நேரும் விபத்தைப் பல தொடர் மாறிகளோடு நேர்கோட்டில் வைத்தால், கணித்த மதிப்புகளில் பெரும்பகுதி சுழியின் கீழே போய்விடக்கூடும். அங்கே லாஜிட்டைத் தவிர்ப்பது சோம்பலே.

அதற்காக ம்ரோஸ் தரவிலும் லாஜிட்டே மேல் என்று சொல்ல முடியவில்லை. 0.5ஐ எல்லையாக வைத்து, வேலை பார்த்தாரா என்று ஊகித்தால் லாஜிட் 73.6 சதவீதம் பெண்களைச் சரியாகச் சொல்கிறது. நேர்கோடும் ப்ராபிட்டும் 73.4 சதவீதம்.

ஆகவே ஆய்வு எழுதும் மாணவர்களிடமும் வழிகாட்டும் ஆசிரியர்களிடமும் ஒரே வேண்டுகோள். சராசரி விளைவே உங்கள் கேள்வியானால் நேர்கோட்டைப் பயன்படுத்துங்கள், தாங்குதிறன் உள்ள திட்டப்பிழையைப் போடுங்கள், பக்கத்தில் ஒரு பத்தியில் லாஜிட்டின் சராசரி விளைவையும் கொடுங்கள். இவற்றோடு, கணித்த மதிப்புகளில் எத்தனை சுழிக்குக் கீழும் ஒன்றுக்கு மேலும் விழுந்தன என்பதை அட்டவணையின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். '753 பேரில் 33 பேர்' என்பது போல ஒரு வரி இருந்தால், உங்கள் கோட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.